லோங்நான் குன்றுகள்: அன்றும் இன்றும்

தெற்குச் சீனாவில் ஜியாங்சி மாகாணத்தின் லோங்நான் பகுதியில், 1969இல் நில ஆய்வாளர்கள் ஒரு புதிரைச் சந்தித்தார்கள். குன்றுகளின் மண்ணில் அரிய மண் தனிமங்கள் இருந்தன. ஆனால் மண்ணை அலசிப் பார்த்தால், அவற்றைத் தாங்கிய கனிமம் போதிய அளவில் தேறவில்லை. அவற்றில் பெரும்பகுதி களிமண் துகள்களின் மேல் அயனிகளாக ஒட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அந்த மண், கிரானைட் பாறை மக்கி உருவானது. வெப்பமும் மழையும் மிகுந்த நிலத்தில், இலைச் சருகுகளின் ஊடே இறங்கும் நீர் சற்று அமிலமாகிவிடும். அது பாறையின் ஃபெல்ட்ஸ்பாரை கயோலின் களிமண்ணாக்குகிறது. எளிதில் கரையும் ஃபுளூரோகார்பனேட் கனிமங்களை உடைத்து அரிய மண் அயனிகளை விடுவிக்கிறது. மோனசைட் போன்ற கெட்டிக் கனிமங்கள் இப்படி எளிதில் கரையாது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சேர்வது அப்படித் தப்பிய மோனசைட்தான். ஆகவே எல்லா கிரானைட்டும் இத்தகைய படிவைத் தராது.

மேல்மண்ணில் அமிலம் அதிகம் என்பதால் அயனிகள் அங்கே நிலைக்காமல் கீழே இறங்குகின்றன. ஆழத்தில் அமிலம் குறைய, எதிர்மின்னூட்டம் கொண்ட களிமண் அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. சீரியம் மட்டும் ஆக்சைடாகி மேலேயே பெரிதும் தங்கிவிடும். இவ்வளவு சேர்ந்தும் மண்ணில் அரிய மண் ஆக்சைடின் அளவு பெரும்பாலும் 0.05 முதல் 0.2 சதவீதம்தான்.

ஆயினும் பிடிப்பு தளர்வானது; உப்புக் கரைசலே அயனிகளைக் கழற்றிவிடும். தொடக்கத்தில் குன்றை வெட்டி, மண்ணைத் தொட்டிகளில் கொட்டி, உப்புநீர் ஊற்றினார்கள். பின்னர் அம்மோனியம் சல்பேட் வந்தது. வடிந்த நீரில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்தால் வெள்ளைப் படிவு இறங்கும். அதைச் சுட்டால் ஆக்சைடு. 0.1 சதவீத மண்ணில் முழுவதும் கிடைத்தாலும், ஒரு டன்னுக்கு 1,000 டன் மண் வேண்டும். குன்றுகள் மொட்டையாயின.

பின்னாளில் குன்றை வெட்டாமல், துளையிட்டுக் கரைசலை உள்ளே செலுத்தி அடிவாரத்தில் சேகரிக்கும் முறை பரவியது. மரங்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால் அடிப்பாறையில் விரிசல் இருந்தால் கரைசல் நிலத்தடியில் கசியும். ஊறிய சரிவு சரிந்துவிடும். மண்ணில் தங்கிய அம்மோனியம், வேலை முடிந்த பின்னும் ஓடைகளுக்கும் கிணறுகளுக்கும் இறங்குகிறது. மியான்மரின் கச்சின் மலைகளில் இன்று நடப்பதும் இந்த முறைதான்.

மக்னீசியம் சல்பேட்டைப் பயன்படுத்துவதும், மின்புலம் கொண்டு அயனிகளை இழுப்பதும் இப்போது முயலப்படும் மாற்றுவழிகள். எந்த முறையானாலும், மலை பசுமையாக இருக்கிறது என்பதை மட்டும் சான்றாக ஏற்கக் கூடாது. அடிவார ஓடைநீரின் அம்மோனியம் அளவைச் சுரங்கம் தொடங்கும் முன்பும், மூடிய பின் பல ஆண்டுகளும் அளந்து வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இல்லாத சுரங்கத்துக்கு அனுமதி தரக் கூடாது.