கண்ணாடிக்குப் பின்னால் தாத்தாவும் பாட்டியும்

புதுமனைப் புகுவிழா முடிந்து, குடும்பம் மொத்தமும் கூடத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. பக்கத்துச் சுவரில் மூன்றடிக்கு இரண்டடி அளவில் பெரிய ஃப்ரேம் ஒன்று மாட்டியிருக்கிறது. அதற்குள் ஓர் அருவி. கடையில் வாங்கும்போதே உள்ளே இருந்த படம். இப்படிப்பட்ட படத்தைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர், "அந்த இடத்துல தாத்தா பாட்டி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று சொல்லிவிடுவார். மறுநாள் கூடத்துப் படமும், பீரோவிலிருந்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படமும் ஸ்டூடியோ மேசைக்கு வந்து சேரும். "உள்ள ஒட்டிக் குடுத்துடுங்கண்ணே" என்பார்கள்.

ஒட்டுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் வெறுமனே ஒட்டினால் தாத்தாவும் பாட்டியும் சுவரில் இருக்க மாட்டார்கள், சுவருக்கு முன்னால் மிதப்பார்கள். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தவறு என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்த உறுத்தலுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, சுவர் சாய்ந்து போகும் கோணத்துக்குப் படம் மடங்கவில்லை. மற்றொன்று, படத்தின் மேல் இருக்க வேண்டிய கண்ணாடியைக் காணோம்.

கணினியைத் தொடும் முன் ஃப்ரேமின் உள்ளளவை டேப் வைத்து அளந்துவிட வேண்டும். பழைய படம் பத்துக்கு எட்டு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அகலம் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. ஃப்ரேமிலோ ஒன்றரை மடங்கு. அப்படியே நான்கு மூலைக்கும் இழுத்து நிரப்பினால் இருவரும் ஐந்தில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார்கள். சாய்ந்த சுவரில் இது உடனே பிடிபடாது, பாட்டியை நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டும், "அம்மா இப்படியா இருந்தா?" என்று கேட்பார்கள். ஆகவே படத்தை முதலில் நேராக வைத்து, மேலும் கீழும் வெட்டி, அல்லது பின்திரையை இரு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டி, 3க்கு 2 என்ற விகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கால் செருப்பு வரை தெரியும் பழைய ஸ்டூடியோ படங்களுக்குத் திரையை நீட்டுவதே நல்லது. அந்தக் காலத்துப் படத்தில் செருப்பும் பூச்சாடியும்கூட நினைவுகள்தான்.

அடுத்தது கோணம். கூடத்துப் படத்தில் அந்த ஃப்ரேமின் இடது விளிம்பு கேமராவுக்கு ஐந்தடி தூரத்திலும், வலது விளிம்பு ஏழரை அடி தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். தூரம் ஒன்றரை மடங்கு என்றால் உயரம் அதே அளவுக்குக் குறையும். படத்தில் இடது விளிம்பு 900 பிக்சல் உயரம், வலது விளிம்பு 600 பிக்சல். இரண்டுக்கும் இடையே அகலம் 500 பிக்சல். இப்போது ஒரு கேள்வி: தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நடுவே உள்ள கோடு எங்கே விழும்? 250-இல் என்றுதான் கை சொல்லும். ஆனால் அது விழ வேண்டிய இடம் இடமிருந்து 300 பிக்சல். அருகில் இருக்கும் பாதி 300 பிக்சலை எடுத்துக்கொள்கிறது. தள்ளியிருக்கும் பாதிக்கு 200தான் மிஞ்சுகிறது.

இந்த 50 பிக்சலில்தான் பல படங்கள் கெடுகின்றன. நடுக்கோடு 250-லேயே நின்றுவிட்டால், இடப்பக்கம் உட்கார்ந்த தாத்தா ஒடுங்கிப்போவார். வலப்பக்கத்துப் பாட்டி பருத்துவிடுவார். ஃப்ரேமின் நான்கு மூலைகளும் அச்சாகப் பொருந்தியிருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் இருவரும் வேறு வேறு சுவரில் இருப்பது போலத் தெரியும்.

சரியான நடுவைக் கண்டுபிடிக்கக் கணக்கு தேவையில்லை. ஃப்ரேமின் உள்மூலைகளை எதிரெதிராக இரண்டு கோடுகளால் இணைத்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் உண்மையான நடு. பழைய படத்தின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு இழுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் இதற்கு `Edit > Transform > Distort`. கிம்ப்பில் `Perspective` கருவி. நான்கு மூலைகளும் நான்கு மூலைகளில் உட்கார்ந்ததும், புள்ளி தானாகவே கோடுகள் வெட்டும் இடத்தில் போய் நிற்கும். நிற்கவில்லை என்றால் கருவி தவறு. `Warp` படத்தை ரப்பர் துணி போல இழுக்கிறது. அருகு, தொலைவு என்ற கணக்கு அதற்குக் கிடையாது. இழுக்கும் முன் படத்தை `Smart Object` ஆக மாற்றிக்கொண்டால், எத்தனை முறை மூலைகளைத் திருத்தினாலும் முகத்தின் கூர்மை போகாது.

மூலைகளை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து வைக்க வேண்டும். விளிம்புக்குச் சரியாக வைக்காமல், ஒன்றிரண்டு பிக்சல் மரத்துக்கு அடியில் போகும்படி விட்டு, மீதியை மாஸ்க்கால் மறைப்பது வழக்கம். உண்மையான ஃப்ரேமிலும் படத்தின் ஓரம் மரத்துக்குள் செருகித்தானே இருக்கிறது. செல்போனின் அகல லென்ஸில் எடுத்த படமானால் ஃப்ரேமின் விளிம்பே வில் போல வளைந்திருக்கும். அப்போது நான்கு மூலைகள் பொருந்தினாலும் நடுவில் இடைவெளி விழும். அந்த வளைவை லென்ஸ் திருத்தத்தில் முதலிலேயே நிமிர்த்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கோணம் சரியானதும் பலர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். படமோ இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கும். ஏனென்றால் தாத்தாவின் வேட்டி, கூடத்துச் சுண்ணாம்புச் சுவரைவிட வெள்ளையாக இருக்கிறது. சுவரில் மாட்டிய காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் இல்லை. கூடத்தின் வெளிச்சம்தான் அதற்கும். அருவிப் படத்தில், கண்ணாடி வெளிச்சம் அடிக்காத ஓர் இடத்தில் நுரையின் வெள்ளையை அளந்து பார்த்தால் 200 அளவில் இருக்கலாம். அப்படியானால் `Levels`-இல் வெளியீட்டு வெள்ளையை 255-இலிருந்து அங்கே இறக்க வேண்டும். மேல் விளிம்பில் மரச்சட்டம் காகிதத்தின் மேல் போடும் மெல்லிய நிழலையும் `Multiply` லேயரில் சேர்க்க வேண்டும். நான்கைந்து பிக்சல்தான், ஆனால் அது வந்ததும் படம் மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.

இனிதான் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை நேராகப் பார்த்தால், அதன் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதம். 55, 60 டிகிரி சாய்ந்து பார்க்கும்போது இது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நம் ஃப்ரேம் அப்படித்தான் சாய்ந்திருக்கிறது. எதிரே இருக்கும் ஜன்னல், கூடத்துக்குள் இருக்கும் காகிதத்தைவிடப் பல மடங்கு பிரகாசமானது. அதனால்தான் அந்தச் சிறு சதவீதமே படத்தின் மேல் வெள்ளைப் பட்டையாகத் தெரிகிறது.

இந்த வெளிச்சம் படத்தை மறைப்பதில்லை, அதன் மேல் கூடுகிறது. `Screen` என்ற கலப்பு முறை செய்வதும் ஏறத்தாழ அதைத்தான். அதன் கணக்கு இது:

```
255 − (255 − a) × (255 − b) ÷ 255
```

கண்ணாடி வெளிச்சம் 100 என்று கொள்வோம். தாத்தாவின் 200 அளவுள்ள வெள்ளைச் சட்டை 222 ஆகிறது. மாற்றம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பாட்டியின் 30 அளவுள்ள கரும்பட்டுப் புடவையோ 118 ஆகி, சாம்பல் பூத்துவிடுகிறது. ஆகவே ஜன்னலின் பிரதிபலிப்பு சட்டையின் மேல் கரைந்துபோய், புடவையின் மேல் கம்பி கம்பியாகத் தெரிய வேண்டும். கண்ணாடி உண்டா இல்லையா என்பதைப் பார்ப்பவரின் கண் இந்த இடத்தில்தான் முடிவு செய்கிறது.

அதற்கான வெளிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலானவர்கள் தூரிகையால் மூலைக்கு மூலை ஒரு வெள்ளைக் கோடு தீட்டிவிடுகிறார்கள். அது எந்தக் கூடத்திலும் இல்லாத வெளிச்சம். ஜன்னல் கம்பியும் ட்யூப் லைட்டும் எங்கே இருக்கின்றனவோ, அவற்றின் உருவம்தான் கண்ணாடியில் விழும்.

நல்ல வழி ஒன்று உண்டு. செலவு ஒரு கறுப்புச் சார்ட்டுத் தாள். ஃப்ரேமைப் பிரித்துக் கண்ணாடிக்குப் பின்னால் சார்ட்டை வைத்து, மீண்டும் அதே இடத்தில் மாட்டி, அதே இடத்தில் நின்று, அதே நேரத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்க வேண்டும். பின்னால் கறுப்பு என்பதால் கண்ணாடியில் தெரிவதெல்லாம் பிரதிபலிப்பு மட்டுமே. சார்ட்டின் கறுப்பை `Levels`-இல் முழுக் கறுப்பாக அழுத்திவிட்டு, நான்கு மூலைகளைப் பொருத்தி, `Screen`-இல் மேலே வைத்தால் அந்த வீட்டின் ஜன்னலே தாத்தா பாட்டியின் மேல் விழுந்துவிடும்.

ஃப்ரேம் கைக்கு எட்டாத ஊரில் இருந்தால் அருவிப் படத்திலிருந்தேதான் எடுக்க வேண்டும். கரும்பாறை உள்ள இடங்களில் பிரதிபலிப்பு தெளிவாகத் தெரியும். நிறத்தை நீக்கி, கறுப்பை அழுத்தினால் அது தனியாகக் கிடைக்கும். நுரை உள்ள இடத்தில் இரண்டும் கலந்துவிட்டதால் பிரிக்க முடியாது. அங்கே பாறை மேல் தெரியும் கம்பிகளின் திசையை நீட்டி, பேனாக் கருவியால் வரைந்து, லேசாக மங்கலாக்கி நிரப்புவதுதான் வழி. 255-ஐத் தொட்டு முற்றிலும் வெளுத்த இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். அதற்கு அடியில் எந்த முகமும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஜன்னல் சரியாகப் பாட்டியின் முகத்தில் விழுந்தால்? முகத்துக்கு மேல் மட்டும் அழிக்கச் சொல்வார்கள். அழித்தால் ஜன்னலில் ஓட்டை விழுந்தது போல இருக்கும். பிரதிபலிப்பு முழுவதையும் ஒரே சீராகப் பாதியாகக் குறைப்பதே சரி. கம்பிகள் நேராக இருக்கும், முகமும் தெரியும்.

பழைய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்துச் செல்போனில் எடுத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதில் ஏற்கெனவே ஒரு ஜன்னல் இருக்கும். இந்தக் கூடத்தின் ஜன்னலும் சேர்ந்தால் இரண்டு ஜன்னல்கள். பழைய படத்தை வெளியே எடுக்க முடியாமல் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால், நடுவில் ஓட்டையிட்ட கறுப்புத் துணிக்குப் பின்னால் நின்று, ஓட்டை வழியாகப் படமெடுத்தால் அந்தப் பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும்.

சந்தனமும் குங்குமமும் வைக்கச் சொல்லும் வீடுகளும் உண்டு. அவை கண்ணாடிக்கு வெளியே இருப்பவை என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே அந்த லேயர் பிரதிபலிப்புக்கு மேலே வர வேண்டும், ஜன்னல் வெளிச்சம் குங்குமத்தின் மேல் படியக் கூடாது. சாய்ந்த சுவர் என்பதால் பொட்டும் வட்டமாக இருக்காது. நிமிர்ந்த முட்டை வடிவத்துக்கு ஒடுங்க வேண்டும். மாலை இருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேல்.

கூடத்தில் குடும்பப் படம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பின்னால் ஃப்ரேம் இருந்தால், எல்லோரும் கலைந்த பிறகு அதே இடத்தில் நின்று, கறுப்புச் சார்ட்டு வைத்து இன்னொரு படம் எடுத்து வையுங்கள். ஃப்ரேமின் உள்ளளவையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்கு வரும்போது இரண்டையும் கொண்டுவாருங்கள்.