ஆட்டுக் கறியா, ஆட்டுக் கரியா?

அடுத்த முறை பட்டணத்துக்குப் போகும்போது நம்மவர் கடைகளின் பதாகைகளைச் சற்று நின்று படித்துப் பாருங்கள். ஒரு கடையில் 'புளிக்குழம்பு' என்பது 'புலிக்குழம்பு' ஆகியிருக்கும். இன்னொரு கடையில் 'கோழி'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்த் தனியே நிற்கும். பார்த்துச் சிரித்துவிட்டு நடந்துவிடுகிறோம். ஆனால் அந்த எழுத்துப் பிழைக்கு ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் அதற்காகத் தம் கூலியை இழந்திருக்கிறார். அந்த இருவரைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மாதச் சம்பளத்துக்கு ஒரு முதலாளியிடம் போகாமல், வீட்டிலிருந்தபடியே கணினி வேலை எடுத்துச் செய்கிறார்கள். வேலைக்கு வேலை கூலி. உணவகத்துக்கு உணவுப் பட்டியல், மளிகைக் கடைக்குத் தீபாவளி விளம்பரம், பூக்கடைக்குப் பெயர் அட்டை என்று வரும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதால் நம் கடைக்காரர்கள் நம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண் இந்தத் தொழிலில் இருக்கிறார். அவர் ஒரு வாழை இலை உணவகத்துக்குச் செய்து கொடுத்த வேலையைக் கணக்கோடு சொல்கிறேன்.

300 வெள்ளி எதற்கு?

அந்த உணவகத்தின் பட்டியலில் 60 பலகாரங்களும் உணவு வகைகளும் இருந்தன. மூன்று மொழியிலும் பெயர் வேண்டும், விலை வேண்டும். அதோடு வாசலில் கட்டுவதற்கு 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு பதாகை. வேலைக்கு 300 வெள்ளி என்றார் அந்தப் பெண். "நம்ம பிள்ளைதானே, 50 வெள்ளிக்குச் செய்து கொடு பாப்பா" என்றார் கடைக்காரர். "அண்ணே, எத்தனை மணி நேர வேலை என்று எழுதிக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார் இவர்.

பெயர்களை மூன்று மொழியிலும் எழுதித் தட்டச்சு செய்ய 3 மணி நேரம். பட்டியலையும் பதாகையையும் அழகாக அமைக்க 4 மணி நேரம். இரண்டு முறை திருத்த 2 மணி நேரம். அச்சகத்துக்குப் போய்வர 1 மணி நேரம். ஆகப் 10 மணி நேரம். 50 வெள்ளிக்குச் செய்தால் மணிக்கு 5 வெள்ளி. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது, மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 17 காசு. தனியே தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பும் கிடையாது. கணினி, மின்சாரம், இணையக் கட்டணம் எல்லாம் அவருடைய கைக்காசு. தாளைப் படித்த கடைக்காரர் வாதாடவில்லை. பாதிப் பணமான 150 வெள்ளியை முன்பணமாகக் கொடுத்தார்.

அச்சுக்கூலி தனி. பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியல் ஒன்று 6 வெள்ளி வீதம் 20 பட்டியலுக்கு 120 வெள்ளி. பதாகை சதுர அடிக்கு 3 வெள்ளி வீதம் 30 சதுர அடிக்கு 90 வெள்ளி. இதைக் கடைக்காரர் நேரே அச்சகத்தில் கட்டுவதாகப் பேச்சு.

இரண்டு பிழைகள்

பட்டியல் வந்தது. இருபதிலும் 'ஆட்டுக் கரி' என்றிருந்தது. கறி என்றால் உண்பது. கரி என்றால் அடுப்பில் எரிவது. கடைக்காரர் கையால் எழுதிக் கொடுத்த தாளிலேயே 'கரி' என்றுதான் இருந்தது. அந்தப் பெண் அப்படியே தட்டச்சு செய்து, பார்வைக்காகக் கைப்பேசியில் படமாக அனுப்பியிருந்தார். அடுப்படியில் நின்ற கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் 'ஓகே' என்று பதில் போட்டுவிட்டார்.

பதாகையின் கதை வேறு. அதில் எழுத்துக்கூட்டு சரி. ஆனால் 'வாழை இலை' என்ற சொல்லில் ஐகாரக் குறி ழகரத்துக்கும் லகரத்துக்கும் முன்னால் நிற்காமல் பின்னால் நின்றது. பக்கத்தில் புள்ளிகளால் ஆன சிறு வட்டம் ஒன்றும் முளைத்திருந்தது. அந்தப் பெண்ணின் கணினியில் சரியாக இருந்த எழுத்து, அச்சகத்துக் கணினியில் உடைந்துவிட்டது.

இது ஏன் நடக்கிறது? கணினி தமிழைச் சேமித்து வைக்கும் முறை நாம் கரும்பலகையில் எழுதும் முறை அல்ல. 'லை' என்று எழுதும்போது நாம் முதலில் ஐகாரக் குறியைப் போட்டுப் பிறகு லகரத்தை எழுதுகிறோம். 1991-இல் வந்த யூனிகோடு முறையில் லகரம் முதலிலும் குறி அதன் பிறகும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது மென்பொருள்தான் குறியை முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நம் கைப்பேசிகள் இதைச் சரியாகச் செய்கின்றன. அச்சகங்களில் உள்ள சில படவடிவமைப்பு மென்பொருள்கள், ஆங்கிலத்துக்கென்று அமைத்த நிலையிலேயே விடப்பட்டிருந்தால், இதைச் செய்யமாட்டா. ஆகவே 'கைப்பேசியில் சரியாகத்தானே தெரிகிறது' என்பது அச்சுக்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொரு வகை உடைவும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'அம்மா' என்பது `mk;kh` என்று தெரியும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. பார்த்தவுடன் எவருக்கும் தெரிந்துவிடும். கொம்பு இடம் மாறுவதுதான் தமிழ் படிக்கத் தெரியாத அச்சகத் தொழிலாளியின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

யார் பணம் கட்டுவது?

இரண்டு பிழைக்கும் கணக்கு வேறு. பட்டியலுக்குக் கடைக்காரர் ஒப்புதல் கொடுத்திருந்தார். ஆகவே மறு அச்சுக்கு 120 வெள்ளியை அவரே கட்டினார். ஆனால் தமிழ் தெரிந்தவர் என்பதற்காகத்தானே இந்தப் பெண்ணை அமர்த்தினார்? 'கரி'யைக் கண்டவுடன் கேட்டிருக்க வேண்டியவர் இவர். அதனால் திருத்தக் கூலி வாங்கவில்லை.

பதாகையில் கடைக்காரரின் குற்றம் எதுவும் இல்லை. எழுத்துகளைத் தட்டச்சு நிலையிலேயே வைத்துக் கோப்பை அனுப்பியவர் அந்தப் பெண். 90 வெள்ளி அவர் கூலியிலிருந்து போயிற்று. 300 வெள்ளி 210 ஆயிற்று; 10 மணி நேரம் என்று போட்ட வேலை அதற்கும் மேலே நீண்டது.

அன்று முதல் அவர் ஒவ்வொரு வேலையையும் இப்படித்தான் செய்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தொழிலில் இருந்தாலும், நீங்களே ஒரு சிறு கடை வைத்திருந்தாலும் இந்த வரிசை உதவும்.

முதலில், வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கோட்டு வடிவப் படமாக மாற்றுகிறார். இல்லஸ்டிரேட்டர் என்ற மென்பொருளில் இதற்கு `Create Outlines` என்ற கட்டளை உண்டு. மாற்றிய பின் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. ஆனால் அப்படி மாற்றியதில் ஓர் எழுத்தைக்கூடத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. எனவே மாற்றாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்கிறார்.

இரண்டாவதாக, மெய்ப்புப் படியைக் கைப்பேசிப் படமாக அனுப்புவதில்லை. தாளில் அச்சிட்டு எடுத்துப் போகிறார். கடைக்காரர் தம் பழைய பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் விலையோடு வாய்விட்டுப் படிக்க, இவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பார்க்கிறார். ஐயம் வரும் இடங்கள் பெரும்பாலும் ற-ர, ல-ள-ழ, ன-ண ஆகியவைதான். கடைசியில் கடைக்காரர் தாளின் அடியில் தேதியிட்டுக் கையொப்பம் இடுகிறார். கையொப்பம் இட்ட தாளில் உள்ள பிழைக்கு மறு அச்சுச் செலவு கடையினுடையது. தாளில் இல்லாத பிழை அச்சில் வந்தால் கடையினுடையது அல்ல.

மூன்றாவதாக, முழு அச்சுக்கு முன் அச்சகத்தில் ஒரே ஒரு படி எடுத்துப் பார்க்கிறார். தமிழ் தெரியாதவரும் சோதிக்க மூன்று சொற்களை வட்டமிட்டுக் கொடுக்கிறார்: கோழி, இலை, முறுக்கு. கோழியில் இரட்டைக் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இலையில் ஐகாரக் குறி லகரத்துக்கு முன்னால் வர வேண்டும். முறுக்கில் மு, று, கு ஆகிய மூன்றிலும் உகரக் குறி எழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இம்மூன்றும் மெய்ப்பில் உள்ளபடியே இருந்தால் பெரும்பாலும் மற்றவையும் சரியாக இருக்கும்.

எழுதி வைக்க வேண்டியவை

வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத் தாளில் நான்கு செய்திகளை இருவரும் எழுதிக்கொள்வது நல்லது. மொத்தக் கூலியும் முன்பணமும் எவ்வளவு? எத்தனை திருத்தம் அந்தக் கூலியில் அடங்கும்? அச்சுச் செலவு யாருடையது? மூலக் கோப்பு யாரிடம் இருக்கும்?

கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தேங்காய் விலை ஏறுகிறது. பன்னிரண்டு உணவின் விலையை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். மூலக் கோப்பு இருந்தால் அரை மணி நேர வேலை. இல்லையென்றால், செய்து கொடுத்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டால், 60 வரிகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மீண்டும் 300 வெள்ளி. ஆகவே முழுப்பணம் கட்டியதும் மூலக் கோப்பையும் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக்கூலி உண்டு என்றால் அதையும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நிரந்தரப் பெயர்ப் பலகை என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பலகையில் மலாய் மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும். தமிழ் அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பல மன்றங்கள் மலாய் வாசகத்துக்கு டேவான் பகாசாவின் ஒப்புதலையும் கேட்கும். அந்த ஒப்புதல் கைக்கு வருமுன் பலகையை அடிக்கக் கொடுத்தால், பிறகு கழற்றச் சொல்லும்போது போவது 90 வெள்ளி அல்ல. மரமும் இரும்பும் விளக்கும் சேர்ந்த முழுப் பலகையின் விலை. விண்ணப்பத்தைக் கடைக்காரர் போடுவதா, வேலை செய்பவர் போடுவதா என்பதையும் அந்த ஒரு பக்கத் தாளிலேயே ஐந்தாவது வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.