சாமையில் கல்: செலவு எங்கே குறையும்?

ஜவ்வாது மலையில் மண் களத்தில் சாமை அடித்தால் மணலும் பொடிக்கல்லும் கலந்துவிடும். சாமை மணி அளவே உள்ள கல் சல்லடையில் பிரியாது. தூற்றினாலும் கனத்தால் மணியோடு விழும். ஆகவே கல் சேராமல் பார்ப்பதே மலிவு. 500 கிலோ சாமை, கிலோ 35 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுவோம்.

மண் களத்தில் அடித்தவருக்குத் தடுப்புச் செலவும் சோதனைச் செலவும் இல்லை. ஆனால் மீண்டும் புடைக்க இரண்டு ஆள் கூலி 600 ரூபாய். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த 10 கிலோவுக்கு 350 ரூபாய். வீட்டிலேயே தெரிந்த இந்த இழப்பு 950 ரூபாய். மீதி 490 கிலோவில் கல் கண்ட வியாபாரி கிலோவுக்கு 3 ரூபாய் குறைத்தால் 1,470 ரூபாய் போகும். இது வெளி இழப்பு. மொத்தம் 2,420 ரூபாய்.

தார்ப்பாய் விரித்தவருக்கு அதன் விலை 1,800 ரூபாய். மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 600 ரூபாய் தடுப்புச் செலவு. மூட்டை கட்டுமுன் சோதிக்க அரை நாள் கூலி 150 ரூபாய், சிறிது புடைக்க 150 ரூபாய். மொத்தம் 900 ரூபாய். மிச்சம் 1,520 ரூபாய். முதல் ஆண்டிலேயே தார்ப்பாய் விலை முழுவதையும் சேர்த்தாலும் 2,100 ரூபாய்தான்.

சோதனைக்கு, ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் ஒரு பிடி எடுத்து முறத்தில் பரப்பிப் பாருங்கள். மணியைக் கடித்தால் 'கடக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். கல் தென்பட்டால் மூட்டையைக் கட்டாதீர்கள். அங்கேயே புடைத்தால் கூலி மட்டுமே போகும். சந்தையில் தெரிந்தால் விலையோடு அந்த வியாபாரியும் போய்விடுவார்.