35 சதவீதமா, 73 லட்சமா?

சிவகாசியில் ஓர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். ஷெட்டில் இன்னும் ஒரே ஒரு நான்கு வண்ண ஆப்செட் மெஷினுக்குத்தான் இடம் இருக்கிறது. உரிமையாளர் முன்னால் இரண்டு வழிகள். செகண்ட் ஹேண்ட் மெஷின் 40 லட்சம். நான்கு ஆண்டு ஓடும். மை, கூலி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் போக, வட்டிக்கு முன் ஆண்டுக்கு 20 லட்சம் கையில் நிற்கும். புது மெஷின் ஒன்றரைக் கோடி. எட்டு ஆண்டு ஓடும். ஆண்டுக்கு 45 லட்சம் நிற்கும். இரண்டையும் கடைசியில் விற்றால் கிடைப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. இப்படியொரு முடிவை எடுக்க வேண்டிய நிலை மட்டும் எந்தத் தொழிலிலும் வரும்.

ஆடிட்டர் கம்ப்யூட்டரில் வரவு செலவை வரிசையாக அடித்து, கீழே `=IRR(B1:B5)` என்று போடுகிறார். பழைய மெஷினுக்கு 35 சதவீதம் வருகிறது. புதியதற்கு 25. "அண்ணாச்சி, பழசையே எடுத்துருங்க, பத்து சதவீதம் கூட வருது" என்கிறார். கேட்பவருக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த ஆலோசனை தவறு. இரண்டு எண்களும் சரியாகவே போடப்பட்டவை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டதில்தான் பிழை.

ஐ.ஆர்.ஆர். என்ற அந்த எண் எதைச் சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மெஷினுக்கு நீங்கள் 40 லட்சம் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அது ஆண்டுக்கு 20 லட்சம் தவணை கட்டுகிறது என்று நினையுங்கள். நான்காவது தவணையோடு கடன் சரியாகத் தீர வேண்டுமானால் என்ன வட்டி போட்டிருக்க வேண்டும்? அதுதான் ஐ.ஆர்.ஆர். முதல் ஆண்டு 40 லட்சத்துக்கு 35 சதவீத வட்டி 14 லட்சம். கட்டிய 20 லட்சத்தில் அது போக மீதி 6 லட்சம் அசலில் கழிகிறது. இரண்டாம் ஆண்டு நிலுவை 34 லட்சம், மூன்றாம் ஆண்டு சுமார் 26, நான்காம் ஆண்டு சுமார் 15. அந்த 15 லட்சமும் அதற்கான வட்டியும் கடைசித் தவணையில் அடைகின்றன.

ஆக, 35 சதவீதம் என்பது மெஷினுக்குள் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் பணத்துக்கு மட்டும்தான். அந்தப் பணமோ வருடாவருடம் குறைந்துகொண்டே போகிறது. கைக்குத் திரும்பி வந்த பணம் அதன் பிறகு என்ன சம்பாதிக்கிறது என்பது பற்றி இந்த எண் வாய் திறப்பதில்லை. 40 லட்சம் நான்கு ஆண்டும் முழுதாக 35 சதவீதத்தில் வளர்ந்தால் 1 கோடியே 33 லட்சம் ஆகும். நம் அச்சகத்துக்கு வருவதோ நான்கு தவணையாக 80 லட்சம். ஒவ்வொரு தவணையையும் வந்த அன்றே இன்னொரு 35 சதவீத வேலையில் போட முடிந்தால்தான் அந்த 1.33 கோடி கிடைக்கும். அப்படிப்பட்ட வேலை ஆண்டுதோறும் யாருக்கு அமைகிறது? பலருக்கு அந்தப் பணம் வங்கிக் கடனை அடைக்கத்தான் போகும். அதாவது 12 சதவீதத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவே.

சரி, வேறு எப்படி ஒப்பிடுவது? வங்கி வட்டி 12 சதவீதம் என்றால், பின்னால் வரப்போகும் ஒவ்வொரு தவணையையும் அந்த வீதத்தில் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கூட்டி, போட்ட முதலைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது நிகர இன்றைய மதிப்பு. பழைய மெஷினுக்கு அது சுமார் 21 லட்சம்; புதியதற்கு சுமார் 73 லட்சம். வட்டியெல்லாம் போக, அந்தத் தொகை அளவுக்கு உரிமையாளரின் சொத்து கூடுகிறது. சதவீதத்தில் முந்திய மெஷின், ரூபாயில் வெகுதூரம் பின்தங்கிவிட்டது. சிறிய முதல், குறைந்த ஆயுள். அதன் மேல் எவ்வளவு பெரிய சதவீதம் வந்தாலும் வரும் ரூபாய் சிறியதுதான்.

விவரம் தெரிந்தவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். நான்கு ஆண்டையும் எட்டு ஆண்டையும் எப்படி ஒப்பிடலாம்? பழையது ஓய்ந்ததும் அதே விலைக்கு இன்னொரு பழையதை வாங்கலாமே? நல்ல கேள்வி. அதையும் சேர்த்தே போட்டுப் பார்த்தேன். இரண்டு பழைய மெஷின்களும் சேர்ந்து தருவது சுமார் 34 லட்சம். அப்போதும் புதியதுதான் மேல்.

ஐ.ஆர்.ஆரை விட மனமில்லாதவர்கள் அதை வைத்தே சரியான விடைக்கு வரவும் ஒரு வழி உண்டு. இரண்டு திட்டங்களின் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல், புதியதற்காகக் கூடுதலாகப் போடும் 1 கோடியே 10 லட்சம் என்ன சம்பாதிக்கிறது என்று கேட்க வேண்டும். அது ஆண்டுக்கு 25 லட்சம் கூடுதலாகத் தருகிறது. போதாததற்கு, நான்காம் ஆண்டு இன்னொரு பழைய மெஷின் வாங்கும் 40 லட்சத்தையும் மிச்சப்படுத்துகிறது. இந்த வித்தியாசத்துக்கு மட்டும் ஐ.ஆர்.ஆர். போட்டால் ஏறக்குறைய 21.5 சதவீதம். 12 சதவீதத்துக்கு வாங்கிய பணம் 21.5 சம்பாதிக்கிறது என்றால் போடலாம்தானே?

இந்த 21.5 இன்னொன்றையும் சொல்கிறது. வங்கி கைவிரித்துவிட்டது, வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்குத்தான் பணம் கிடைக்கிறது என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். அந்த வீதத்தில் மறுபடி போட்டால் புது மெஷின் தருவது வெறும் 4 லட்சம். பழையதை இரண்டு முறை வாங்கினால் 11 லட்சத்துக்கு மேல். இப்போது பழையதுதான் சரியான முடிவு. பணம் எங்கிருந்து, என்ன விலைக்கு வருகிறது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே மாறிவிட்டது. 35, 25 என்ற எண்களோ இரண்டு நிலையிலும் அப்படியே இருந்தன. வட்டியையே பார்க்காத ஓர் எண்ணால் இந்தத் தேர்வைச் செய்ய முடியாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். ஒரே ஒரு திட்டம், போடுவதா வேண்டாமா என்றால் ஐ.ஆர்.ஆரை வட்டியோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். இரண்டில் ஒன்று என்னும்போதுதான் அது கைவிடுகிறது.

இதுவரை பார்த்ததில் ஒரு திட்டத்துக்கு ஒரு ஐ.ஆர்.ஆராவது வந்தது. அதுவும் எப்போதும் நிச்சயமில்லை. ஜேம்ஸ் லோரி, லியனார்ட் சாவேஜ் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1955-ல் எழுதிய கட்டுரையில் ஓர் எண்ணெய்க் கிணறு வருகிறது. இருக்கும் பம்பிலேயே விட்டால் ஆண்டுக்கு 10,000 டாலராக இரண்டு ஆண்டு வருமானம். 1,600 டாலர் போட்டுப் பெரிய பம்ப் வைத்தால் மொத்த எண்ணெயும் முதல் ஆண்டிலேயே வந்துவிடும், 20,000 டாலர். மாற்றத்தால் வரும் வித்தியாசத்தை மட்டும் எழுதினால் இன்று 1,600 செலவு, முதலாண்டு 10,000 கூடுதல் வரவு, இரண்டாம் ஆண்டு 10,000 இழப்பு.

```
A1: -1600
A2: 10000
A3: -10000
=IRR(A1:A3)
=IRR(A1:A3,4)
```

முதல் கட்டளைக்கு 25 சதவீதம் வரும். தேடலை எங்கே தொடங்குவது என்று 4-ஐக் கொடுக்கும் இரண்டாவது கட்டளைக்கு 400 சதவீதம். கணக்குப்படி இரண்டுமே சரி. செலவு, வரவு, மறுபடி செலவு என்று குறி இரண்டு முறை மாறியதால் வந்த வினை இது. சுரங்கத்தையோ குவாரியையோ மூடும்போது நிலத்தைச் சீர்செய்யச் செலவிட வேண்டிய திட்டங்களிலும் இது நேரலாம். தாளில் குறி எத்தனை முறை மாறுகிறது என்று மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்றுக்கு மேல் மாறினால் அந்தச் சதவீதத்தை நம்பக் கூடாது. பணத்தின் விலை 10 சதவீதமாக இருக்கும் ஒருவருக்கு 25, 400 இரண்டுமே பிரமாதமாகத் தெரியும். ஆனால் அதே 10 சதவீதத்தில் இன்றைய மதிப்பைப் போட்டால் அந்தப் பெரிய பம்ப் 774 டாலர் நஷ்டம்.