கைடுலைன் வேல்யூவை விட கம்மியா பத்திரம் போட்டா, வித்தியாசத்துக்கு யாரு டாக்ஸ் கட்டணும்?

மனை வாங்கப் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "நிலத்தோட ஓனர் கைடுலைன் வேல்யூவை விட கம்மி விலைக்கே தர்றார். முத்திரைத்தாள் கட்டணத்தை கைடுலைன் வேல்யூக்கே கட்டிடறோம். அப்புறம் என்ன பிரச்சனை?"

பத்திரப் பதிவுத் துறையைப் பொறுத்தவரை பிரச்சனை இல்ல. அவங்களுக்கு வேண்டிய கட்டணம் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா வருமான வரித் துறை வேற ஒரு கேள்வி கேக்கும்: "அரசாங்கம் 40 லட்சம் மதிப்பு வச்சிருக்கிற சொத்து உங்களுக்கு 36 லட்சத்துக்குக் கிடைச்சுதுன்னா, அந்த 4 லட்சம் உங்களுக்கு வந்த வருமானம் இல்லையா?" வித்தியாசம் ஒரு அளவைத் தாண்டினா, சட்டம் "ஆமா, வருமானம்தான்"னு சொல்லுது. விற்கிறவருக்கு இந்தக் கேள்வி வர்றது பலருக்குத் தெரியும். வாங்குற நமக்கும் வரும்ங்கிறதுதான் நிறைய பேருக்குத் தெரியல.

முதல்ல ஒரு விஷயம். பத்திரத்துல கம்மியா காட்டி மீதியை கேஷா கொடுக்கிற கதையைப் பத்தி நான் பேசல. அது வேற சிக்கல், அதுக்கு அபராதமும் தனி. நான் சொல்றது நிஜமாவே கம்மி விலைக்கு நடக்குற வியாபாரம். இது சகஜம்தான். கைடுலைன் வேல்யூவை தெருவுக்கு, சர்வே எண்ணுக்குன்னு மொத்தமா நிர்ணயிக்கிறாங்க. அதே தெருவுல உங்க மனை மட்டும் பள்ளமா இருக்கலாம், வழி குறுகலா இருக்கலாம், மேல ஹை டென்ஷன் லைன் போகலாம். அந்தக் குறையெல்லாம் அந்த எண்ணுல தெரியாது.

இப்போ கணக்குக்கு வருவோம். இங்கே சொல்ற விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்கள் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் வர்றதால எண்கள் மாறும்.

நீங்க வாங்குற மனையோட கைடுலைன் வேல்யூ 40 லட்சம்னு வச்சுக்குவோம். பேசி முடிச்ச விலை 36 லட்சம். முழுப் பணமும் பேங்க் வழியா போகுது. வாங்குறவருக்கான பிரிவு 56(2)(எக்ஸ்). வித்தியாசம் 50,000 ரூபாய், இல்லன்னா நீங்க கொடுத்த விலையில 10 சதவீதம், இந்த ரெண்டுல எது அதிகமோ அதைத் தாண்டக் கூடாதுன்னு அது சொல்லுது. 36 லட்சத்துல 10 சதவீதம் 3.6 லட்சம். உங்க வித்தியாசம் 4 லட்சம். தாண்டிடுச்சு.

இங்கதான் பலர் தப்பா கணக்குப் போடுறாங்க. "3.6 லட்சம் விலக்கு, மீதி 40,000 ரூபாய்க்குத்தான் டாக்ஸ்"னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. எல்லையைத் தாண்டிட்டா முழு 4 லட்சமும் 'மற்ற வருமானம்' தலைப்புல உங்க சம்பளத்தோட சேரும். நீங்க 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ் சேர்த்து 1,24,800 ரூபாய் டாக்ஸ்.

அதே மனையை 36 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வாங்கியிருந்தா? 10 சதவீதம் 3.64 லட்சம். வித்தியாசம் 3.6 லட்சம். எல்லைக்குள்ள இருக்கு, டாக்ஸ் பூஜ்யம். அதாவது விலையில 40,000 ரூபாய் கம்மி பண்ணி, டாக்ஸுல ஒண்ணேகால் லட்சம் கட்டுறோம்! அதனால பேரம் பேசும்போதே கைடுலைன் வேல்யூவை 1.1-ஆல வகுத்துப் பாருங்க. 40 லட்சத்துக்கு அது சுமார் 36.37 லட்சம். உங்க விலை அதுக்குக் கொஞ்சம் கீழ நிக்குதுன்னா, பேரத்துல ஜெயிச்சது நீங்க இல்ல. கைடுலைன் வேல்யூவை tnreginet.gov.in தளத்துல நீங்களே பார்த்துக்கலாம், புரோக்கர் சொல்ற எண்ணை நம்பாதீங்க.

ஓனருக்கும் இதே மாதிரிதான். அவருக்கான பிரிவு 50சி. கைடுலைன் வேல்யூ விற்பனை விலையோட 110 சதவீதத்தைத் தாண்டினா, அவர் 40 லட்சத்துக்கே வித்த மாதிரி மூலதன ஆதாயம் கணக்கிடுவாங்க. நீண்ட கால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம்னா, கைக்கு வராத அந்த 4 லட்சத்துக்கு அவர் செஸ்ஸோட 52,000 ரூபாய் வரை கூடுதலா கட்டணும். ஒரே வித்தியாசத்துக்கு ரெண்டு பேர்கிட்டயும் டாக்ஸ். நியாயமான்னு கேட்டா, எனக்கும் இது நியாயமா படல. ஆனா சட்டம் இதுதான். விலையை 40,000 ஏத்துறது ஓனருக்கும் லாபம்ங்கிறதால, அவர் மறுக்க மாட்டார்.

சரி, இடம் நிஜமாவே மட்டமானது, அந்த விலைதான் போகும்னா? அதுக்கும் வழி இருக்கு. வருமான வரி அதிகாரிகிட்ட "கைடுலைன் வேல்யூ சந்தை மதிப்பை விட அதிகம்"னு ஆட்சேபம் சொன்னா, அவர் துறையோட மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பலாம். வாங்குறவர், விற்கிறவர் ரெண்டு பேருக்கும் இந்த உரிமை உண்டு. அந்த அதிகாரி குறைவா மதிப்பிட்டா அதையே எடுத்துக்குவாங்க. அதிகமா சொன்னாலும் கைடுலைன் வேல்யூவுக்கு மேல போக மாட்டாங்க. ஆனா சும்மா வாயால சொன்னா எடுபடாது. வாங்குற சமயத்துலயே பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட ரிப்போர்ட், தேதியோட போட்டோ, பக்கத்து மனைகளோட கிரயப் பத்திர நகல் எல்லாம் எடுத்து வச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வரும்போது பள்ளத்துல மண்ணு கொட்டி நிரப்பியிருப்பீங்க, அப்போ என்னத்தைக் காட்டுவீங்க?

இன்னொரு சூழ்நிலை, அக்ரிமென்ட் போட்டதுக்கும் பத்திரம் போடுறதுக்கும் நடுவுல கைடுலைன் வேல்யூ ஏறிடுறது. தமிழ்நாட்டுல 2023 ஏப்ரல்ல இப்படித்தான் நடந்துச்சு. 2017-ல 33 சதவீதம் குறைச்ச மதிப்பை மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாங்க. இந்த மாதிரி நேரத்துல வருமான வரிக்கு அக்ரிமென்ட் தேதி மதிப்பை எடுத்துக்கலாம். ஒரே நிபந்தனை, அட்வான்ஸ்ல ஒரு பகுதியாவது அக்ரிமென்ட் தேதியிலயோ அதுக்கு முன்னாடியோ அக்கவுன்ட் பேயீ செக், ஆன்லைன் மாதிரி பேங்க் வழியில போயிருக்கணும். "டோக்கன் அட்வான்ஸ் தானே"ன்னு கேஷா கொடுத்திருந்தா இந்தச் சலுகை போச்சு. பத்திரக் கட்டணம் மட்டும் புது மதிப்புக்குத்தான்.

"இதெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?"னு யோசிக்கிறீங்களா? விலையோ கைடுலைன் வேல்யூவோ 30 லட்சம், அதுக்கு மேலன்னா சார்பதிவாளர் அலுவலகமே விவரத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பிடும். உங்க ஏஐஎஸ் அறிக்கையில அது வந்து உட்கார்ந்திருக்கும். உங்க கம்பெனிக்கு இது தெரியாது, அதனால சம்பளத்துல டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க. எல்லையைத் தாண்டிட்டீங்கன்னா நீங்களே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுங்க, இல்லன்னா வட்டி சேரும்.

டாக்ஸ் கட்டின அந்த 4 லட்சம் மொத்தமா வீணாகல. நாளைக்கு இந்த மனையை நீங்க விற்கும்போது, உங்க வாங்கின விலை 36 லட்சம் இல்ல, 40 லட்சம்னு எடுத்துக்கலாம். அதுக்கு அந்த வருஷ ரிட்டர்ன்ல அந்தத் தொகையை வருமானமா காட்டியிருக்கணும். ரிட்டர்ன் நகலை கிரயப் பத்திரத்தோடயே சேர்த்து வச்சிடுங்க.