மூக்குத்தியை ஜூம் பண்ணுங்க... போட்டோ ஏன் மங்கலாச்சுனு தெரியும்!

பாட்டியோட 80-வது பிறந்தநாள் போட்டோ மங்கலா வந்திருக்கா? சரிசெய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, முகத்தை நல்லா ஜூம் பண்ணி, மூக்குத்தியில் மின்னுகிற ஒளிப்புள்ளியைப் பாருங்க.

அந்தப் புள்ளி சின்னக் கோடாக இழுபட்டிருந்தால், அது அசைவு. பின்னால் இருக்கும் சுவர்க் கடிகாரமும் அதே திசையில் இழுபட்டிருந்தால், உங்க கை ஆடியிருக்கு. கடிகாரம் தெளிவா இருந்தால், பாட்டிதான் தலையைத் திருப்பியிருக்காங்க.

புள்ளி, கோடாகாமல் வட்டமாகப் பரவியிருந்தால், அது ஃபோகஸ் தவறியது. அப்போ கடிகாரம் 'பளிச்'னு தெரிஞ்சா, கேமரா பாட்டியை விட்டுட்டு சுவரைப் பிடிச்சிருக்குனு அர்த்தம்.

போட்டோஷாப்பின் Smart Sharpen-இல் Remove என்ற இடத்தில், அசைவுக்கு Motion Blur தேர்ந்தெடுத்து, கோட்டின் சாய்வுக்கு ஏற்ப Angle-ஐ வையுங்க. ஃபோகஸ் தவறியதற்கு Lens Blur. பாட்டி மட்டும் அசைந்திருந்தால், முகத்தை மட்டும் செலக்ட் பண்ணிச் செய்யுங்க. இல்லைன்னா தெளிவான சுவரும் கெட்டுப்போகும்.

லேசான மங்கல்தான் இதில் சரியாகும். கண் இமையே தெரியாத அளவுக்குக் கரைஞ்சிருந்தால், அதே நேரத்தில் எடுத்த அடுத்த போட்டோவைத் தேடுறதே நல்லது.