கேட்டுக் குறிப்பெடுத்தல்: மேல்நிலை வகுப்புக்கு ஒரு பயிற்சி

பதினொன்றாம் வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலருக்குக் குறிப்பெடுப்பது என்றால் ஆசிரியர் சொல்வதை அப்படியே எழுதுவதுதான். பேச்சு சற்று வேகமெடுத்ததும் பேனா நின்றுவிடும். "சார், மறுபடி சொல்லுங்க" என்ற குரல் எழும். இதை மாற்ற ஒரு சிறு உரைப்பகுதியும் ஒரு பாடவேளையும் போதும். கீழே உள்ளதைப் பாடம் நடத்தும் இயல்பான வேகத்தில், நிறுத்தாமல் வாசியுங்கள்.

"ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரம் பெற்று வருகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெருமளவு மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. எனவே தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்போது மழை மறைவில் இருக்கிறது. நீலகிரி, கன்னியாகுமரி போன்ற சில பகுதிகள் மட்டும் விலக்கு. ஆனால் அக்டோபரில் நிலை மாறுகிறது. டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலைக் கடக்கையில் ஈரம் பெற்றுக் கடலோர மாவட்டங்களில் முதலில் பொழிகிறது. உள்ளே செல்லச் செல்ல மழை குறைகிறது. நம் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது."

முதல் வாசிப்பில் பேனா மேசைமேல் இருக்கட்டும். இரண்டாம் வாசிப்பில் எழுதட்டும். ஒரே ஒரு விதி: வாக்கியம் முடியும்வரை எழுதக் கூடாது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே எழுதத் தொடங்குபவர் 'மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி' என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டிவிட்ட செய்தி கடந்துபோய்விடும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 'மோதி, மேலெழுந்து, குளிர்ந்து' என்ற வினையெச்சங்களுக்குள் காரணகாரியச் சங்கிலி ஒளிந்திருக்கிறது. அதை 'மோதல் → மேலெழுச்சி → குளிர்ச்சி → மழை' என்று அம்புக்குறியால் எழுதக் காட்டுங்கள். 'எனவே' வந்தாலும் அம்புக்குறி. 'ஆனால்' வந்தால் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு.

இனி வடிவங்களுக்கு வருவோம். வகுப்பை மூன்று குழுக்களாக்கி ஒரே உரைக்கு மூன்று வடிவங்களைக் கொடுக்கலாம். முதல் குழுவுக்குத் தலைப்பு, உட்தலைப்பு என இறங்கும் படிநிலைக் குறிப்பு. இது நம் மாணவர்களுக்குப் பழக்கமானது. கேட்ட வரிசையிலேயே எழுதிவிடலாம். ஆனால் இரண்டு காற்றுகளையும் ஒப்பிட வேண்டுமானால் கண் மேலும் கீழும் அலைய வேண்டியிருக்கும்.

இரண்டாம் குழுவுக்குக் கார்னெல் முறை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் பாக் பரப்பிய முறை இது. பக்கத்தின் இடப்புறம் மூன்றில் ஒரு பங்கை விட்டுக் கோடு போட்டு, கேட்கும்போது வலப்புறம் மட்டும் எழுத வேண்டும். உரை முடிந்தபின் இடப்புறத்தில் வினாக்களை எழுத வேண்டும்: 'ஜூலையில் நமக்கு மழை ஏன் குறைவு?' வலப்புறத்தை மறைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்லிப் பார்க்கலாம். பக்கத்தின் அடியில் சுருக்கத்துக்கு நான்கைந்து வரி இடம். இடப்புறத்தைக் காலியாகவே விட்டுவிடுவதுதான் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை. அப்படி விட்டால் அது சாதாரணக் குறிப்புதான். கோடு மட்டும் மிச்சம்.

மூன்றாம் குழுவுக்கு அட்டவணை.

| | தென்மேற்கு | வடகிழக்கு |
|---|---|---|
| காலம் | ஜூன்–செப். | அக்.–டிச. |
| ஈரம் பெறும் கடல் | அரபிக்கடல் | வங்கக்கடல் |
| மழை மிகுதி | மலையின் மேற்கே | கடலோரம் |
| மழை குறைவு | மலைக்குக் கிழக்கே | உள்மாவட்டங்கள் |

இந்த உரைக்கு இதுவே மிகப் பொருத்தம். தவறவிட்ட செய்தி காலிக் கட்டமாக நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இது ஒப்பீட்டு உரை என்பது 'ஆனால் அக்டோபரில்' வரும்போதுதான் கேட்பவருக்குத் தெரியவருகிறது. கேட்கும்போதே அட்டவணை போடுவது கடினம். எனவே கார்னெல் முறையில் எழுதிக்கொண்டு, பிறகு அட்டவணையாக மாற்றச் சொல்வதே என் பரிந்துரை. நீலகிரியும் கன்னியாகுமரியும் அட்டவணையில் எங்கும் அடங்கவில்லை என்பதையும் மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கடைசி பத்து நிமிடம் சுருக்கத்துக்கு. உரை ஏறத்தாழ 75 சொற்கள். சுருக்கம் 25 சொற்கள். உரையைத் திரும்ப வாசிக்க வேண்டாம். குறிப்பை மட்டும் பார்த்து எழுதட்டும். பெரும்பாலும் இப்படி ஒன்று வரும்: "தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசுகிறது." தகவலில் பிழையில்லை, காரணம்தான் இல்லை. அந்த மாணவரின் குறிப்பைப் புரட்டினால் அம்புக்குறி எதுவும் இருக்காது. இதனோடு அடுத்ததை ஒப்பிடுங்கள்:

"தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையைக் கொட்டிவிடுவதால் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அப்போது மழை குறைவு. அக்டோபர் முதல் வங்கக்கடலில் ஈரம் பெற்று வரும் வடகிழக்குக் காற்றே ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது."

சுருக்கத்தைத் திருத்தும்போது குறிப்பையும் அருகில் வைத்துப் பாருங்கள். குறிப்பில் இருந்தும் சுருக்கத்தில் விடுபட்டிருந்தால், அந்த மாணவருக்குத் தேவை எழுத்துப் பயிற்சி. குறிப்பிலேயே இல்லையென்றால் கேட்கும் பயிற்சி. அடுத்த வாரம் வரலாற்றுப் பாடத்திலிருந்து காலவரிசையில் செல்லும் ஒரு பகுதியை வாசியுங்கள். அங்கே இந்த அட்டவணை உதவாது, படிநிலைக் குறிப்புதான் கைகொடுக்கும்.